சதுரத்துக்குள் எரியும் நெருப்பு

கணினி விளையாட்டு ஒன்றில் எங்காவது விறகு எரிந்துகொண்டிருந்தால், கேமராவைத் தரைக்குப் பக்கத்தில் இறக்கி, சுடர் மண்ணைத் தொடும் இடத்தை உற்றுப் பாருங்கள். அவசரத்தில் செய்த வேலை என்றால் அங்கே ஒரு நேர்கோடு தெரியும். ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல் சுடர் அந்தக் கோட்டோடு சட்டென்று முடிந்திருக்கும். கேமராவைக் கொஞ்சம் திருப்பினால் கோடும் கூடவே திரும்பும். மேலே சுடர் எவ்வளவு அழகாக ஆடினாலும் சரி, அந்தக் கோட்டைப் பார்த்துவிட்ட கண்ணுக்கு அதற்கப்புறம் நெருப்பு தெரியாது, அட்டைதான் தெரியும்.

உண்மையில் அது அட்டைதான். விளையாட்டுக்குள் எரிகிற நெருப்பில் பெரும்பாலானவை, எப்போதும் கேமராவைப் பார்த்தபடி திரும்பி நிற்கும் தட்டையான சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்தின் மேலும் ஒரு சுடரின் படம் ஒட்டியிருக்கும், படம் இல்லாத இடமெல்லாம் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். இப்படிப் பத்துப் பதினைந்து சதுரங்கள் அடியில் பிறந்து, மேலே எழும்பி, ஒரு நொடிக்குள் மறைந்துபோகும். அந்த இடம் காலியாகும் முன் அடுத்தது பிறந்துவிடும். இந்தச் சதுரங்களுக்குத் துகள்கள் என்று பெயர். நிற்கிற சதுரமும் படுத்திருக்கிற தரையும் வெட்டிக்கொண்டால் அந்த இடத்தில் நேர்கோடு வரத்தான் செய்யும். அது வடிவியல், யாரையும் குறை சொல்ல முடியாது.

துகள்களால் நெருப்பு காட்டும் யோசனை சினிமாவிலிருந்து வந்தது. 1982இல் வெளியான ‘ஸ்டார் ட்ரெக் 2’ படத்தில், உயிரற்ற கோள் ஒன்றின் மேல் நெருப்புச் சுவர் பரவிச் சுற்றிவருவதைக் காட்ட வேண்டியிருந்தது. லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் இருந்த வில்லியம் ரீவ்ஸ், நெருப்பை ஒரே உருவமாகச் செய்யாமல், பிறந்து நகர்ந்து சாகும் ஏராளமான புள்ளிகளின் கூட்டமாகச் செய்தார். அடுத்த ஆண்டு அதைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில்தான் ‘பார்ட்டிகிள் சிஸ்டம்’ என்ற பெயர் நிலைத்தது. அவருடைய துகள்களுக்குப் படம் கிடையாது, ஒளிக்கீற்று மட்டும்தான். சினிமாவுக்கு ஒரு ஃபிரேமைக் கணக்கிட எவ்வளவு நேரமும் எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டில் ஒரு நொடிக்கு அறுபது ஃபிரேம் வேண்டும். அத்தனை புள்ளிகளுக்கு அங்கே நேரமில்லை. அதனால் துகள்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றின் மேலும் படத்தை ஒட்டினார்கள். அந்தப் படத்தோடு கோட்டுப் பிரச்சினையும் வந்து சேர்ந்தது.

இந்தக் கோட்டை அழிக்கும் வழி பல ஆண்டுகளாகத் தெரிந்ததுதான். சுடர் தரையை நெருங்க நெருங்க அதை மங்கலாக்கிவிடுவது. ‘சாஃப்ட் பார்ட்டிகிள்’ என்று அதற்குப் பெயர். யூனிட்டி மென்பொருளில் ஒரு பெட்டியை டிக் செய்தால் போதும். நிஜ நெருப்பைப் போலக் காட்ட நினைப்பவர்களுக்கு வேலை அதோடு முடிந்தது. கார்ட்டூன் பாணியில் நெருப்பு செய்கிறவர்களுக்கு அங்கேதான் தலைவலி ஆரம்பம்.

கார்ட்டூன் பாணி என்பதை இன்னும் கொஞ்சம் துல்லியமாகச் சொல்ல வேண்டும். 2002இல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: தி விண்ட் வேக்கர்’ விளையாட்டில் வெடியும் புகையும் சுருள் சுருளாக, ஓரம் தெளிவாக, கையால் வரைந்து நிறம் நிரப்பியதுபோல் இருக்கும். இந்த வகை நெருப்புக்கு இரண்டு மூன்று நிறம்தான்: நடுவில் வெளிர் மஞ்சள், அதைச் சுற்றி ஆரஞ்சு, வெளியே அடர்சிவப்பு. நிறங்களுக்கு நடுவே சாய்வு கிடையாது. ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சுடரின் அடிப்பகுதியை மட்டும் மங்கலாக்கினால் என்ன ஆகும்? மேலே தெளிவான ஓவியம், கீழே பனிமூட்டம். கோடு போய்விடும், ஆனால் பாணியும் கூடவே போய்விடும். கோடே பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்கு அது அசிங்கமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு ஒரு தீர்வு உண்டு. மங்கலாக்குவதை விடத் தேவையில்லை, அதை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதை மாற்றினால் போதும். ஒரு சிறிய விறகு நெருப்பை யூனிட்டியில் முதலிலிருந்து செய்து பார்த்தால் அது புரிந்துவிடும்.

முதல் வேலை படம். பள்ளி நோட்டுப் புத்தகத்தின் மூலையில் பக்கத்துக்கு ஒரு படமாக வரைந்து, விரலால் சரசரவென்று புரட்டியிருப்போமே, அதே வித்தைதான் இங்கேயும். படங்களைத் தனித்தனிப் பக்கங்களில் வைப்பதற்குப் பதிலாக ஒரே பெரிய படத்தில் கட்டம் கட்டமாக அடுக்குகிறோம். ஃபிளிப்புக் டெக்ஸ்சர் என்பது அவ்வளவுதான். நம் நெருப்புக்கு 1024 பிக்சல் அகலமும் உயரமும் உள்ள ஒரு படம் எடுத்துக்கொள்வோம். அதில் நாலுக்கு நாலு, மொத்தம் 16 கட்டம், ஒவ்வொன்றும் 256 பிக்சல். மேல் வரிசையில் இடமிருந்து வலம், பிறகு அடுத்த வரிசை என்ற ஒழுங்கில் யூனிட்டி அவற்றைப் படிக்கும்.

கட்டங்களில் என்ன வரைவது? முதல் கட்டத்தில் கண்ணீர்த்துளி வடிவில் சிறிய சுடர். ஐந்தாவதில் அது முழு உயரத்துக்கு எழுந்துவிடும். எட்டாவது வாக்கில் சுடரின் நடுவில் கழுத்துபோல் ஒரு ஒடுக்கம் விழும். பத்தாவதில் அந்தக் கழுத்து அறுந்து மேல்முனை தனியாகப் பிரியும். அதற்கப்புறம் பிரிந்த துண்டு சிறுத்து, கிழிந்து, பதினாறாவதில் ஒன்றிரண்டு பொட்டுகளாக மிஞ்சும். கை ஓவிய அனிமேஷன்காரர்கள் பல தலைமுறையாக நெருப்பை வரைகிற முறை இது. அடியில் உடல் நிலைத்திருக்க, நுனி அறுந்து பறந்து சாகும். அந்த அறுபடுதல் இல்லாத சுடர், காற்றில் ஆடும் துணிபோல் இருக்கும்.

இவற்றை மஞ்சள், சிவப்பு என்று நிறத்தில் வரையக் கூடாது என்பதுதான் இங்கே முக்கியம். சாம்பல் நிறச் சாய்வாக வரைய வேண்டும். சுடரின் நடுப்பகுதி வெள்ளை, ஓரம் நோக்கி மெல்ல மெல்லக் கறுப்பு. முதலில் தெளிவான வெள்ளை உருவமாக வரைந்துவிட்டு, வரைகிற மென்பொருளிலேயே அதை ப்ளர் செய்தால் இந்தச் சாய்வு கிடைத்துவிடும். மெல்லிய நுனிகள் ப்ளரில் வெளிறிப்போகுமே என்று கவலைப்பட வேண்டாம். அப்படி வெளிறுவதுதான் நமக்கு வேண்டும், ஏன் என்பது பின்னால் தெரியும். இப்போதைக்கு இந்தப் படத்தை ஒரு மலையின் உயர வரைபடம் என்று நினைத்துக்கொள்ளலாம். வெள்ளை உச்சி, கறுப்பு அடிவாரம். எந்த உயரத்தில் வெட்டுகிறோமோ அந்த உயரத்தின் எல்லைக்கோடுதான் சுடரின் ஓரம்.

படத்தை யூனிட்டிக்குள் கொண்டுவரும்போது இரண்டு இடத்தில் கவனம் தேவை. ஒன்று, டெக்ஸ்சர் அமைப்பில் உள்ள sRGB என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும். அது இருந்தால் யூனிட்டி இதை நிறப்படம் என்று எண்ணி, மதிப்புகளைக் கண்ணின் அளவிலிருந்து ஒளியின் அளவுக்கு மாற்றிவிடும். நாம் 0.5 என்று வரைந்த நடுச்சாம்பல், கணக்கில் ஏறக்குறைய 0.21 ஆக இறங்கிவிடும். வரைந்ததைவிடச் சுடர் ஒல்லியாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த டிக்கைத்தான்.

இன்னொன்று, கட்டங்களின் ஓரத்தில் விடும் வெற்றிடம். கேமரா தூரப் போகும்போது யூனிட்டி அதே படத்தின் சிறிய பிரதிகளைப் பயன்படுத்தும். பாதி, கால், அரைக்கால் என்று படம் சுருங்கச் சுருங்க, பக்கத்துக் கட்டத்தின் சுடர் இந்தக் கட்டத்துக்குள் கசியும். கிட்டே இருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். இருபதடி பின்னால் போனதும் சுடருக்கு மேலே காற்றில் ஒரு மெல்லிய கீற்று மின்னி மறையும். அடுத்த கட்டத்துச் சுடரின் அடிப்பாகம் அது. ஒவ்வொரு கட்டத்திலும் நாலு பக்கமும் எட்டுப் பிக்சலாவது கறுப்பாக விட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

இனி யூனிட்டியின் பார்ட்டிகிள் சிஸ்டம். Texture Sheet Animation பகுதியைத் திறந்து Tiles என்ற இடத்தில் 4, 4 என்று கொடுத்தால், ஒவ்வொரு துகளும் பிறந்து சாவதற்குள் பதினாறு கட்டத்தையும் ஒருமுறை புரட்டிவிடும். சுடர்த் துகளின் ஆயுள் 0.8 நொடி என்று வைத்தால் நொடிக்கு இருபது படம். கார்ட்டூன் நெருப்புக்கு இது தாராளம். கை ஓவியப் படங்களில் நொடிக்குப் பன்னிரண்டு ஓவியத்தோடு நிறுத்திக்கொள்வது சகஜம், அந்தச் சின்ன வெட்டு வெட்டான அசைவையே பலர் விரும்பிச் செய்வார்கள்.

புகைதான் சங்கடம். புகைத் துகள் மூன்று நொடியாவது உயிரோடு இருக்க வேண்டும். அதே பதினாறு படம் மூன்று நொடிக்குப் பரவினால் நொடிக்கு ஐந்து படம் சொச்சம். அது பாணி ஆகாது, தடுமாற்றம்தான். படங்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம். எட்டுக்கு எட்டு என்று 64 கட்டம் போட்டால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் கட்டம் அதே 256 பிக்சலாக இருக்க வேண்டுமென்றால் படம் 2048க்கு 2048 ஆகிவிடும், நினைவகம் நாலு மடங்கு. தவிர, 64 படத்தையும் யார் உட்கார்ந்து வரைவது?

அதற்குத்தான் ஃபிரேம் பிளெண்டிங். துகள் இப்போது 3.4ஆவது படத்தில் இருக்கிறது என்றால், மூன்றாவது படத்தையும் நாலாவது படத்தையும் இரண்டையுமே எடுத்து, 60க்கு 40 என்ற விகிதத்தில் கலப்பது. நிறத்தில் வரைந்த சாதாரண ஃபிளிப்புக்கில் இதைச் செய்தால் ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தின் ஆவி மிதப்பதுபோல் இருக்கும், ஓரங்களெல்லாம் இரட்டிக்கும். கார்ட்டூன் பாணிக்காரர்கள் பிளெண்டிங் பக்கமே போகாததற்கு அதுதான் காரணம்.

சாம்பல் சாய்வில் வரைந்த படத்தில் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டு மலைகளையும் முதலில் கலந்துவிடுகிறோம், பிறகு ஒரே உயரத்தில் வெட்டுகிறோம். கிடைப்பது ஆவி அல்ல, இரண்டுக்கும் நடுவில் உள்ள மூன்றாவது உருவம். அதன் ஓரமும் தெளிவாகவே இருக்கும். நாம் வரையாத படங்களைக் கணக்கே வரைந்து கொடுத்துவிடுகிறது. இதற்கும் எல்லை உண்டு. அடுத்தடுத்த இரண்டு கட்டங்களில் உருவங்கள் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சமாவது படிந்திருக்க வேண்டும். அறுந்த நுனி ஒரே தாவலில் தன் அகலத்தைத் தாண்டிப் போய்விட்டால், பழைய இடத்தில் ஒன்று சுருங்கும், புதிய இடத்தில் ஒன்று முளைக்கும், நடுவில் நகர்தல் இருக்காது. வரையும்போதே அந்தத் துண்டுகளை அடிமேல் அடி வைத்து நகர்த்த வேண்டும்.

பிளெண்டிங் வேலை செய்ய, எந்த இரண்டு கட்டம், எந்த விகிதம் என்ற தகவலைத் துகள் ஷேடருக்கு அனுப்ப வேண்டும். ஷேடர் என்பது ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் தீர்மானிக்கும் சின்ன நிரல். Renderer பகுதியில் Custom Vertex Streams என்பதைத் திறந்து, UVக்குக் கீழே UV2, AnimBlend இரண்டையும் அதே வரிசையில் சேர்க்க வேண்டும். யூனிட்டியின் சொந்த ஷேடர் என்றால் இவை விட்டுப்போனதை மெட்டீரியலிலேயே எச்சரித்துவிடும். நாமே எழுதிய ஷேடரில் எந்த எச்சரிக்கையும் வராது. சுடர் காரணமில்லாமல் படபடத்தால் இந்த வரிசையைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

இப்போது அந்தக் கோட்டுக்கு வருவோம். யூனிட்டி ஒரு காட்சியை வரையும்போது மண், விறகு, கல் போன்ற திடமான பொருட்களை முதலில் வரையும். அப்போதே ஒவ்வொரு பிக்சலிலும் தெரியும் பொருள் கேமராவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் தனியாக ஒரு படமாகக் குறித்துவைக்கும். அதுதான் டெப்த் டெக்ஸ்சர். நெருப்பு, புகை, கண்ணாடி போன்ற ஊடுருவித் தெரியும் பொருட்களை அதற்கப்புறம்தான் வரையும். ஆகவே சுடரின் ஒரு பிக்சலை வரையும் நேரத்தில், அதற்குப் பின்னால் இருக்கும் திடப்பொருளின் தூரம் நமக்குத் தெரியும், சுடரின் தூரமும் தெரியும். இரண்டையும் கழித்தால் இடைவெளி. இடைவெளி குறையக் குறையச் சுடரை மங்கலாக்கினால் சாஃப்ட் பார்ட்டிகிள் தயார். என்விடியாவின் டிரிஸ்டன் லோராக் 2007இல் இதை ஒரு மாதிரி நிரலோடு எழுதி வெளியிட்டார். கணக்கின் சாரம் அன்றிலிருந்து மாறவில்லை.

விறகு 5 மீட்டர் தூரத்தில் இருக்கிறது, அதற்கு முன்னால் சுடர் 4.9 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 0.1 மீட்டர். மங்கலாக்கும் தூரம் என்று நாம் 0.25 மீட்டர் கொடுத்திருந்தால், 0.1ஐ 0.25ஆல் வகுத்து 0.4. வழக்கமான சாஃப்ட் பார்ட்டிகிள் அந்த இடத்தில் சுடரை 40 சதவீதம் மட்டும் தெரியவிடும். பனிமூட்டம் வருவது இங்கேதான். வெட்டி முடித்த உருவத்தின் மேல் போய் அது மங்கலைப் பூசுகிறது.

அந்த 0.4ஐ வெட்டிய பிறகு பயன்படுத்தாமல், வெட்டுவதற்கு முன்பே சாம்பல் மலையின் மேல் பெருக்கிவிட்டால்? நிரலில் இவ்வளவுதான்:

```hlsl
float mask  = lerp(frameA, frameB, blend);
float gap   = sceneDepth - particleDepth;
float shape = mask * saturate(gap / _FadeDistance);
float cut   = lerp(0.95, 0.15, color.a);
float alpha = smoothstep(cut, cut + 0.04, shape);
float core  = step(0.5, shape);
```

முதல் வரி இரண்டு கட்டத்தைக் கலக்கிறது. அடுத்த இரண்டு வரியும் இடைவெளியைக் கண்டுபிடித்து, அதற்கேற்ப மலையைத் தாழ்த்துகின்றன. அதற்கப்புறம்தான் வெட்டு. smoothstep வரியில் இருக்கும் 0.04 ஓரம் ரம்பப் பல்லாகத் தெரியாமல் இருக்கக் கொடுக்கும் சின்ன அகலம். கடைசி வரி நடுவில் உள்ள மஞ்சள் பகுதியைப் பிரிக்கிறது.

விளைவைச் சுடரின் அடிப்பாகத்தில் வைத்துப் பார்க்கலாம். வெட்டும் உயரம் 0.15. சுடரின் நடுவில் மலை உயரம் 1. அங்கே இடைவெளி நாலு சென்டிமீட்டருக்குக் குறையும்வரை சுடர் தாக்குப்பிடிக்கும். ஓரத்தில் மலை உயரம் 0.3 என்றால், இடைவெளி பன்னிரண்டரை சென்டிமீட்டருக்கு வந்ததுமே அது வெட்டுப்பட்டுவிடும். அதாவது நடுப்பகுதி தரைக்கு மிக அருகில்வரை இறங்கும், ஓரங்கள் அதற்கு முன்பே மேலே சுருண்டுகொள்ளும். நேர்கோடு போய், அந்த இடத்தில் வளைந்த அடி வந்துவிட்டது. அந்த வளைவைத் தீர்மானித்தது நாம் வரைந்த சாய்வு. அதன் ஓரமும் சுடரின் மற்ற ஓரங்களைப் போலவே தெளிவாக இருக்கிறது. மஞ்சள் நடுப்பகுதியையும் அதே தாழ்த்திய மலையிலிருந்துதான் பிரித்தோம் என்பதால், தரையை நெருங்கும்போது மஞ்சள் முதலில் பின்வாங்கும், ஆரஞ்சு கொஞ்சம் மிஞ்சும். பிரிந்த நுனிகள் ப்ளரில் வெளிறியிருந்தன அல்லவா, அவையும் விறகின் பக்கத்தில் வந்தால் முதலில் கரையும். சுடர் விறகைச் சுற்றி நக்கிக்கொண்டு போவதுபோல் தெரியும்.

நாலாவது வரியில் இன்னொரு வசதி ஒளிந்திருக்கிறது. அங்கே வெட்டும் உயரத்தைத் துகளின் நிறத்தில் உள்ள ஆல்பா மதிப்பு தீர்மானிக்கிறது. யூனிட்டியின் Color over Lifetime பகுதியில் ஆல்பாவைக் கடைசியில் சுழியத்துக்கு இறக்கினால், சாதாரணத் துகள் மங்கி மறையும். இங்கே வெட்டும் உயரம்தான் ஏறும், சுடர் ஓரத்திலிருந்து உள்நோக்கி அரித்துக்கொண்டே போகும். புகையில் இது ரொம்ப அழகாக இருக்கும். மூன்று நொடி வாழும் புகை உருண்டை மங்காமல், அங்கங்கே ஓட்டை விழுந்து, ஓட்டைகள் பெருத்து, நாலைந்து சில்லுகளாகி முடிந்துவிடும். நிரல் தெரியாத ஓவியர்கூட அந்த ஒரு வளைகோட்டை இழுத்து இழுத்துப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

நிறங்களைக் காட்சியோடு சேர்க்கும்போது ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். நெருப்பு என்றால் பலர் கண்ணை மூடிக்கொண்டு Additive கலப்பைத் தேர்ந்தெடுப்பார்கள். அது பின்னணியின் ஒளியோடு நெருப்பின் ஒளியைக் கூட்டும். இருட்டான குகையில் ஜொலிக்கும். பத்துச் சுடர் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடத்தில் கூட்டிக் கூட்டி எல்லாம் வெள்ளையாகிவிடும். நாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆரஞ்சு காணாமல் போகும். பகல் வானத்துக்கு முன்னால் சுடரே தெரியாது. தட்டையான நிறம் வேண்டுமென்றால் சாதாரண Alpha கலப்புதான் சரி. புகைக்கு வேறு வழியே இல்லை, ஒளியைக் கூட்டுகிற கலப்பில் கறும்புகை செய்ய முடியாது.

மங்கலாக்கும் தூரத்தை எவ்வளவு வைப்பது என்பது சுடரின் அளவைப் பொறுத்தது. 0.8 மீட்டர் உயரச் சுடருக்கு 0.2 முதல் 0.3 மீட்டர் போதும். பெரிய புகை உருண்டைக்கு ஒரு மீட்டர்வரை போகலாம். பேராசைப்பட்டுச் சுடருக்கும் ஒரு மீட்டர் கொடுத்தால், அது விறகிலிருந்து எழும்பி அந்தரத்தில் எரியும். விறகின் உருவம் நெருப்புக்கு நடுவில் பள்ளம்போல் தெரிய ஆரம்பித்தால், தூரம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

இந்த முறையில் பலருக்கும் தெரியாத ஒரு பலவீனம் இருக்கிறது. இடைவெளியைத் தரையிலிருந்து மேல்நோக்கி அளக்கவில்லை, கேமராவின் பார்வைத் திசையில் அளக்கிறோம். கேமரா முப்பது டிகிரி கீழ்நோக்கிப் பார்க்கும்போது, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும் சுடருக்குப் பின்னால் மண் இரண்டு சாண் தூரத்தில் இருக்கும். அப்போது 0.25 மீட்டர் என்பது சுடரில் பன்னிரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரவும். கேமராவை இறக்கிப் பத்து டிகிரி சாய்வில் வைத்தால் பார்வை தரையை உரசிக்கொண்டு ரொம்ப தூரம் போய்த்தான் மண்ணைத் தொடும். அதே 0.25 மீட்டர் இப்போது நாலு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுருங்கிவிடும். வளைவு தட்டையாகிப் பழைய கோடு எட்டிப்பார்க்கும். மேலிருந்து பார்க்கும் விளையாட்டுகளில் இந்தத் தொல்லை வராது. கதாநாயகன் குப்புறப்படுத்துத் தவழும் விளையாட்டு என்றால் வரும். அப்போது டெப்த் டெக்ஸ்சரோடு கூட, துகளின் பிக்சல் தரைமட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் ஷேடருக்கு அனுப்பி, அதையும் மலையின் மேல் பெருக்கிவிட வேண்டும். நெருப்பு ஓரிடத்திலேயே எரிகிறது, தரைமட்டம் நமக்குத் தெரியும் என்பதால் இது சுலபம்.

எடிட்டரில் நெருப்பு பிரமாதமாக எரிந்து, போனில் போட்டால் கோடு திரும்பவும் வந்து நிற்பது, அல்லது சுடரே காணாமல் போவது, அடிக்கடி நடப்பதுதான். யூனிட்டியின் URP வரைதல் முறையில் டெப்த் டெக்ஸ்சர் தானாக வந்துவிடாது. URP Asset என்ற அமைப்புக் கோப்பில் Depth Texture என்பதை டிக் செய்தால்தான் வரும். தர நிலைக்கு ஒன்றாகப் பல URP Asset கோப்புகள் வைத்துக்கொள்ளலாம் என்பதால், கணினிக்கான கோப்பில் டிக் இருக்கும், போனுக்கான கோப்பில் இருக்காது. யாரோ ஒருவர் வேகம் கூட்டுவதற்காக அதை எடுத்துவிட்டிருப்பார். அவர் மேலும் தப்பில்லை. அந்தப் படத்தை எழுதிப் படிப்பது போனின் நினைவகத்துக்குக் கூடுதல் சுமைதான்.

அதைவிடப் பெரிய சுமை, சதுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுவது. இருபது துகள் ஒரே இடத்தில் குவிந்தால் திரையின் அந்தப் பிக்சல் ஒவ்வொன்றுக்கும் ஷேடர் இருபது முறை ஓடும். ஊடுருவித் தெரியும் வெற்று மூலைகளுக்கும் சேர்த்துத்தான். புகை கேமராவை நெருங்கித் திரையை அடைத்துக்கொள்ளும்போது ஆட்டம் திணறினால் காரணம் இதுதான். தெளிவான ஓரமுள்ள பாணிக்கு இங்கே ஒரு லாபம் உண்டு. நிஜப் புகையைக் காட்ட நாற்பது மங்கலான துகள் தேவைப்படும் இடத்தில், கார்ட்டூன் புகைக்கு ஆறேழு உருண்டை போதும். எண்ணிக்கை கூடினால் உருவங்கள் ஒன்றோடொன்று கலந்து பாணியே கெட்டுவிடும்.

கடைசியாக, படகில் எரியும் நெருப்பு. விறகு நெருப்புக்குச் செய்த அதே மெட்டீரியலைத் தண்ணீர்மேல் படரும் புகைக்குப் போட்டால், புகை நீரை வெட்டும் இடத்தில் மறுபடியும் நேர்கோடு வரும். மங்கலாக்கும் தூரத்தை எவ்வளவு கூட்டினாலும் போகாது. தண்ணீரும் ஊடுருவித் தெரியும் பொருள், அதனால் டெப்த் டெக்ஸ்சரில் அது பதிவாவதே இல்லை. புகையின் கணக்கில் அங்கே ஆற்றின் அடிமணல் மட்டும்தான் இருக்கிறது, நீர்ப்பரப்பு இல்லை. தவழும் கேமராவுக்காகச் சேர்த்த உயரக் கணக்குதான் இங்கேயும் கைகொடுக்கும். தரைமட்டத்துக்குப் பதிலாக நீர்மட்டத்தின் எண்ணைக் கொடுத்தால், புகை நீர்ப்பரப்பின் மேல் வளைந்து முடியும். அலை பெரிதாக அடிக்கும் கடல் என்றால் அந்த ஒரே எண் போதாது. அலையை அசைக்கும் அதே சூத்திரத்தைப் புகையின் ஷேடரிலும் எழுத வேண்டியிருக்கும்.